ஒரே தரவு, மூன்று p மதிப்பு: பன்னிரண்டு பேரின் கழுத்து வலிக் கணக்கைச் சரிசெய்த அனுபவம்

அக்கா மகள் பிசியோதெரபி கடைசி வருடம் படிக்கிறாள். நாள் முழுக்கக் கணினி முன்னால் உட்கார்ந்து கழுத்து வலி வந்தவர்கள் பன்னிரண்டு பேருக்கு நான்கு வாரம் பயிற்சி கொடுத்து, தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் வலியை 0 முதல் 10 வரை மதிப்பெண்ணாகக் கேட்டு எழுதியிருந்தாள். ப்ராஜெக்ட் அறிக்கையின் முடிவுகள் பக்கம் கைடிடம் இருந்து சிவப்பு மையோடு திரும்பி வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் போன். "மாமா, எஸ்பிஎஸ்எஸ்ல ஒரு p வருது, R-ல போட்டா வேற வருது, சார் எக்ஸாக்ட் p எங்கேன்னு கேட்டு எழுதியிருக்கார். நான் எதை எழுதட்டும்?"

நான் புள்ளியியல் படித்துவிட்டு வேலையில் பாதி நேரம் இதே மாதிரி அட்டவணைகளோடு மல்லுக்கட்டுகிறவன். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன். அன்று மதியத்திலிருந்து ராத்திரி வரை நாங்கள் செய்ததை இங்கே எழுதி வைக்கிறேன். நோயாளிகள் விவரம் எதுவும் இல்லை. மதிப்பெண்களையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன், ஆனால் கீழே உள்ள கணக்கு முழுக்க இந்த மாற்றிய எண்களுக்கே போட்டது, நீங்களும் போட்டுப் பார்க்கலாம்.

அவள் முதலில் எழுதியிருந்த வாக்கியம் ஏறக்குறைய இப்படி: "வில்காக்சன் சைன்டு ரேங்க் டெஸ்ட்டின்படி சராசரி வலி 6.50 ± 1.45-இலிருந்து 4.83 ± 1.53 ஆக மிகவும் குறிப்பிடத்தக்க அளவில் குறைந்தது (Z = −2.409, p < 0.05)." அறிக்கை ஆங்கிலத்தில்தான், நான் தமிழில் தருகிறேன். இந்த ஒரு வாக்கியத்தில் எத்தனை இடத்தில் ஓட்டை என்று பார்க்கும் முன் தரவைப் பார்த்துவிடுவோம்.

| எண் | முன் | பின் | குறைவு |
|---|---|---|---|
| 1 | 7 | 4 | 3 |
| 2 | 6 | 5 | 1 |
| 3 | 8 | 4 | 4 |
| 4 | 5 | 5 | 0 |
| 5 | 7 | 5 | 2 |
| 6 | 6 | 7 | −1 |
| 7 | 8 | 3 | 5 |
| 8 | 5 | 3 | 2 |
| 9 | 7 | 7 | 0 |
| 10 | 6 | 3 | 3 |
| 11 | 9 | 7 | 2 |
| 12 | 4 | 5 | −1 |

குறைவு என்பது முன் கழித்தல் பின். கூட்டல் குறி என்றால் வலி குறைந்திருக்கிறது. எட்டுப் பேருக்குக் குறைந்திருக்கிறது, இரண்டு பேருக்கு ஒரு புள்ளி கூடியிருக்கிறது, இரண்டு பேர் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள்.

முதல் தடங்கல் கணக்கிலேயே இல்லை, எக்ஸலில் இருந்தது. R-இல் அவள் போட்டதைத் திறந்தால் `V = 42` என்று நிற்கிறது. எஸ்பிஎஸ்எஸ் அவுட்புட்டில் இறங்கிய பக்கத்து ரேங்குகளின் கூட்டுத்தொகை 51. இரண்டும் ஒரே தொகைதான், ஒத்துப்போயே ஆக வேண்டும். சராசரியைப் பார்த்தேன், இரண்டு இடத்திலும் 6.50, 4.83. திட்ட விலக்கமும் அதேதான். அப்படியென்றால் எண்கள் எதுவும் தொலையவில்லை, ஆனால் யாருடைய எண் யாரோடு ஜோடி என்பது குலைந்திருக்கிறது. கேட்டால், மீடியனை, அதாவது இடைநிலையை, கையால் சரிபார்க்க 'முன்' நெடுவரிசையை மட்டும் ஏறுவரிசையில் அடுக்கினாளாம். பக்கத்து நெடுவரிசையும் சேர்ந்து நகரட்டுமா என்று எக்ஸல் கேட்டபோது வேண்டாம் என்று அமுக்கிவிட்டாள், அப்புறம் அதே கோப்பையே R-க்கு அனுப்பியிருக்கிறாள். நாலு மதிப்பெண் கொடுத்த பன்னிரண்டாம் ஆள் முதல் ஆளின் இடத்தில் உட்கார்ந்துவிட்டார். ஜோடித் தரவில் இந்தத் தப்பு கண்ணுக்குப் படாது, ஏனென்றால் ஒவ்வொரு நெடுவரிசையின் சராசரியும் இடைநிலையும் மாறவே மாறாது, வித்தியாசங்கள் மட்டும்தான் மாறும். மாற்றமே இல்லாதவர்களின் எண்ணிக்கையை எண்ணிப் பார்த்தால் பிடிபட்டுவிடும்: கையெழுத்துப் படிவங்களில் இரண்டு பேர், குலைந்த கோப்பில் மூன்று பேர். கோப்பைப் படிவங்களிலிருந்து மறுபடி தட்டச்சு செய்தோம், ஒவ்வொரு வரிசையிலும் ஆளின் எண்ணோடு.

சரி, இப்போது எஸ்பிஎஸ்எஸ் p = 0.016 என்கிறது. R இப்படிச் சொல்கிறது:

```
> wilcox.test(before, after, paired = TRUE)
V = 51, p-value = 0.01836
cannot compute exact p-value with ties
cannot compute exact p-value with zeroes
```

கைடு கேட்ட துல்லிய p மூன்றாவதாக ஒன்று. மூன்றும் ஒரே டெஸ்ட், ஒரே தரவு. இதைப் புரியவைக்க நான் மென்பொருளை மூடச் சொல்லிவிட்டு ஒரு பழைய நோட்டை எடுத்தேன். பத்து எண்களுக்கு இது கையாலேயே ஆகிற கணக்கு.

மாற்றமில்லாத இரண்டு பேரை இப்போதைக்கு ஒதுக்கினால் பத்துப் பேர். குறியைப் பார்க்காமல் வித்தியாசத்தின் அளவை மட்டும் சின்னதிலிருந்து பெரியதாக அடுக்கினால் 1, 1, 1, 2, 2, 2, 3, 3, 4, 5. மூன்று ஒன்றுகளும் 1, 2, 3 ஆகிய இடங்களைப் பகிர்ந்துகொள்கின்றன, ஆளுக்கு ரேங்க் 2. மூன்று இரண்டுகளுக்கு ஆளுக்கு 5. இரண்டு மூன்றுகளுக்கு ஆளுக்கு 7.5. நாலுக்கு 9, ஐந்துக்கு 10. கூட்டினால் 55 வருகிறது, பத்து ரேங்குகளின் கூட்டுத்தொகை எப்போதும் 55தான், வராவிட்டால் எங்கோ தப்பு. இப்போது குறியைத் திருப்பிப் போடுகிறோம்: வலி கூடிய இரண்டு பேரின் ரேங்க் 2 + 2 = 4, மீதி 51 வலி குறைந்தவர்களுடையது. R-இன் V அந்த 51. வேறு சில மென்பொருள்கள் இரண்டில் சின்னதான 4-ஐக் காட்டும். பைதானின் `scipy.stats.wilcoxon` இருபக்கச் சோதனையில் 4.0 என்றே தரும், அதைப் பார்த்து வேறு டெஸ்ட் போலிருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். W, V, T என்று ஆளுக்கொரு எழுத்து வைத்திருக்கிறார்கள் என்பதால் அறிக்கையில் எழுத்தை மட்டும் போடாமல், எந்தப் பக்கத்துக் கூட்டுத்தொகை என்று எழுதிவிடுவது நல்லது.

p எங்கிருந்து வருகிறது? பயிற்சியால் ஒன்றுமே ஆகவில்லை என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு ஆளின் வித்தியாசமும் கூட்டலாகவும் கழித்தலாகவும் இருக்கச் சம வாய்ப்பு. பத்துப் பேருக்கு 2-இன் பத்தாவது அடுக்கு, 1024 விதமான குறி வரிசைகள். அவற்றில் எத்தனையில் கழித்தல் பக்கத்துத் தொகை 4 அல்லது அதற்கும் கீழே வரும்? யாருக்குமே கழித்தல் இல்லாதது ஒன்று, தொகை 0. ரேங்க் 2 உள்ள மூவரில் ஒருவருக்கு மட்டும் கழித்தல் என்றால் மூன்று விதம், தொகை 2. அந்த மூவரில் இருவருக்குக் கழித்தல் என்றால் இன்னும் மூன்று விதம், தொகை 4. மூவருக்கும் என்றால் 6, தாண்டிவிட்டது. ரேங்க் 5 உள்ள ஒருவர் சேர்ந்தாலே தாண்டிவிடும். ஆக மொத்தம் 7. எதிர்த்திசையிலும் அதே 7, சேர்த்து 14. 14-ஐ 1024-ஆல் வகுத்தால் 0.0137.

அவ்வளவுதான், துல்லிய p இது. "இவ்வளவுதானா?" என்றாள். ஆமாம், ஃபிராங்க் வில்காக்சன் 1945-இல் இதை வெளியிட்டபோது கணினியில் ஓட்ட நினைத்து எழுதவில்லை. அவர் தொழிலால் வேதியியலாளர், கையால் போடக்கூடிய சுருக்கமான வழி அவருக்குத் தேவைப்பட்டது.

0.016 வந்தது எப்படி என்றால், எஸ்பிஎஸ்எஸ் வழக்கமாக எண்ணிப் பார்க்காது, அந்த 1024 தொகைகளின் பரவலை ஒரு மணி வடிவ வளைவாக வைத்துக்கொண்டு தோராயம் சொல்லும். 51-க்கும் நடுத்தொகையான 27.5-க்கும் உள்ள இடைவெளி 23.5, அதைப் பரவலின் திட்ட விலக்கமான 9.753-ஆல் வகுத்தால் Z = 2.409. R-உம் அதே தோராயத்தைத்தான் செய்கிறது, ஆனால் தொகைகள் படிப்படியாகத் தாவுகின்றன, வளைவோ தொடர்ச்சியானது என்பதற்காக இடைவெளியில் அரைப் புள்ளி கழிக்கிறது. 23-ஐ 9.753-ஆல் வகுத்தால் 2.358, அதற்கு 0.018. வித்தியாசம் இவ்வளவுதான். சமமான வித்தியாசங்களும் பூஜ்யங்களும் இருந்ததால் துல்லியக் கணக்குக்குப் போக மாட்டேன் என்று R எச்சரிக்கையிலேயே சொல்லிவிட்டது, நாம்தான் அந்தச் சிவப்பு எழுத்தைப் படிப்பதில்லை. நான் வைத்திருப்பது பழைய பதிப்பு, உங்கள் பதிப்பில் எச்சரிக்கை வருகிறதா என்று நீங்களே பாருங்கள்.

பத்து ஜோடிக்கு வளைவை நம்பி எழுத எந்தக் காரணமும் இல்லை, எண்ணிவிடலாம். நோட்டில் எண்ணியதைச் சரிபார்க்க இந்த ஆறு வரி போதும்:

```
d <- c(3,1,4,0,2,-1,5,2,0,3,2,-1)
e <- d[d != 0]
r <- rank(abs(e))
wm <- sum(r[e < 0])
g <- as.matrix(expand.grid(rep(list(0:1), length(e))))
2 * mean(g %*% r <= wm)
```

0.01367188 வந்தது. எஸ்பிஎஸ்எஸ்ஸிலும் துல்லிய சோதனைக்கான பகுதி நிறுவப்பட்டிருந்தால் அதே டயலாக்கில் `Exact` பொத்தான் இருக்கும். அவள் கல்லூரிக் கணினியில் அது இல்லை.

அடுத்தது அந்த இரண்டு பேர். நான்காம் ஆளும் ஒன்பதாம் ஆளும். வில்காக்சனின் மூல முறை இவர்களைத் தூக்கிப் போட்டுவிட்டுத்தான் ரேங்க் கொடுக்கும். "மாற்றமே இல்லைன்னா அதுவும் ஒரு ரிசல்ட்தானே மாமா, ஏன் எடுக்கணும்?" என்று அவளே கேட்டாள், கைடு கேட்டதைவிட இது நல்ல கேள்வி. நான்கு வாரம் பயிற்சி செய்தும் வலி அசையவில்லை என்பது பயிற்சிக்கு எதிரான சாட்சி. அதைக் கணக்கிலிருந்து எடுத்தால் பயிற்சி கொஞ்சம் நல்லவிதமாகத் தெரியும். 1959-இல் பிராட் என்பவர் இதற்கு ஒரு மாற்று சொன்னார்: பூஜ்யங்களையும் சேர்த்தே ரேங்க் கொடு, கொடுத்த பிறகு பூஜ்யங்களின் ரேங்கை மட்டும் விட்டுவிடு. அப்படிச் செய்தால் இரண்டு பூஜ்யங்களும் கீழே இரண்டு இடங்களைப் பிடித்துக்கொள்கின்றன, ஒன்றுகளின் ரேங்க் 4 ஆகிறது, இரண்டுகளுக்கு 7, மூன்றுகளுக்கு 9.5, அப்புறம் 11, 12. கழித்தல் பக்கத்துத் தொகை 8. எட்டுக்குள் வரும் விதங்களை எண்ணினால்: யாருமில்லை 1, ஒரே ஒரு 4 என்றால் 3, ஒரே ஒரு 7 என்றால் 3, இரண்டு 4 என்றால் 3. மொத்தம் 10, இரண்டு பக்கமும் 20, p = 0.0195.

எது சரி என்று கேட்டால், தரவைப் பார்க்கும் முன்பே எது என்று முடிவு செய்திருந்தால் அதுவே சரி. இவள் அப்படி எதையும் எழுதி வைத்திருக்கவில்லை. அதனால் பூஜ்யங்களை விட்ட வில்காக்சன் கணக்கை முதன்மையாகவும், பூஜ்யங்களைச் சேர்த்த கணக்கை அடுத்த வாக்கியத்திலும் போடுவது என்று முடிவு செய்தோம். முடிவு மாறவில்லை என்பதையும் வாசிக்கிறவர் பார்த்துக்கொள்வார். ஒன்று மட்டும் கவனம்: R-இன் `coin` தொகுப்பில் உள்ள `wilcoxsign_test` எதுவும் சொல்லாவிட்டால் பிராட் முறையைத்தான் எடுக்கும், `wilcox.test` பூஜ்யங்களை எடுத்துவிடும். இரண்டையும் ஓட்டிவிட்டு p ஏன் வேறு என்று ஒரு மாலை முழுவதும் மண்டையைப் பிய்த்துக்கொண்ட ஆளை எனக்குத் தெரியும், அது நான்தான்.

p கதை இதோடு முடிந்தது. உண்மையில் அறிக்கையில் எனக்கு அதிகம் உறுத்தியது p இல்லை, சராசரி. ரேங்கை வைத்து டெஸ்ட் போட்டுவிட்டு, முடிவைச் சொல்லும்போது சராசரி ± திட்ட விலக்கம் என்று எழுதினால் டெஸ்ட் ஒன்றைப் பற்றியும் எண்கள் வேறொன்றைப் பற்றியும் பேசுகின்றன. "அப்ப மீடியன் போட்டுடறேன்" என்றாள். முன் 6.5, பின் 5. "அப்ப 1.5 குறைஞ்சிருக்கு." இங்கேதான் நிறைய பேர் வழுக்குகிறார்கள். வித்தியாசங்களை மட்டும் அடுக்கிப் பார்: −1, −1, 0, 0, 1, 2, 2, 2, 3, 3, 4, 5. நடுவில் உள்ள ஆறாவதும் ஏழாவதும் 2, 2. வித்தியாசங்களின் இடைநிலை 2, இடைநிலைகளின் வித்தியாசம் 1.5. சராசரியில் இந்தப் பிரச்சினை கிடையாது, சராசரிகளின் வித்தியாசமும் வித்தியாசங்களின் சராசரியும் ஒன்றே. இடைநிலை அப்படிக் கழிபடாது. ஜோடி ஆய்வில் நாம் கேட்பது ஒரே ஆளுக்குள் என்ன மாறியது என்பதை, அதனால் இடைநிலைகளைக் கழித்த எண் எதற்கும் பதில் இல்லை.

சைன்டு ரேங்க் டெஸ்ட்டோடு சேர்ந்தே பிறந்த மாதிரி பொருந்துகிற மதிப்பீடு இன்னொன்று இருக்கிறது, ஹாட்ஜஸ்–லேமன் மதிப்பீடு. எந்த இரண்டு ஆட்களை எடுத்தாலும் அவர்களின் வித்தியாசங்களின் சராசரியை எழுது, ஒவ்வொரு ஆளையும் தன்னோடே ஒருமுறை ஜோடி சேர்த்துக்கொள், பன்னிரண்டு பேருக்கு 78 சராசரிகள் வரும், அவற்றின் இடைநிலைதான் அது. டெஸ்ட்டும் இந்த 78 எண்களை வைத்துத்தான் மறைமுகமாக ஓடுகிறது என்பதால் நம்பிக்கை இடைவெளியும் இதிலிருந்தே கிடைக்கிறது: பன்னிரண்டு பேர் என்றால் 95 சதவீத இடைவெளிக்குக் கீழிருந்து 14-ஆவது, மேலிருந்து 14-ஆவது.

```
w <- outer(d, d, "+") / 2
w <- sort(w[lower.tri(w, diag = TRUE)])
median(w); w[14]; w[65]
```

வந்த விடை 1.5, 0.5, 3. அதாவது வலி ஏறக்குறைய ஒன்றரைப் புள்ளி குறைந்திருக்கிறது, உண்மையான குறைவு அரைப் புள்ளியாகவும் இருக்கலாம், மூன்று புள்ளியாகவும் இருக்கலாம். இடைநிலைகளைக் கழித்தும் 1.5 வந்ததே என்றால், அது தற்செயல். அவளும் உடனே அதைத்தான் பிடித்துக்கொண்டாள், "நான் சொன்னதே சரிதானே" என்று. வேறு தரவில் இப்படி ஒத்துவராது.

இதைக் கையால் எழுதியதற்குக் காரணம் உண்டு. `wilcox.test`-இலேயே `conf.int = TRUE` என்று கொடுத்தால் மதிப்பீடும் இடைவெளியும் வரும். ஆனால் என் பதிப்பு அதற்கு முன்பே பூஜ்யங்களை நீக்கிவிடுகிறது. அப்படி நீக்கிய பத்துப் பேருக்கு மதிப்பீடு 2-ஐ ஒட்டி வருகிறது. டெஸ்ட்டில் பூஜ்யத்தை விடுவதற்காவது ஒரு பழைய மரபு இருக்கிறது. வலி எவ்வளவு குறைந்தது என்று சொல்லும்போது, குறையாத இரண்டு பேரை விட்டுவிட்டுச் சொன்னால் அரைப் புள்ளி சும்மா கூடிவிடுகிறது. இது மிகச் சின்ன விஷயம் போலத் தோன்றும், பன்னிரண்டில் இரண்டு பேர் என்பது ஆறில் ஒரு பங்கு.

விளைவின் அளவு என்ன என்று கைடு பக்கவாட்டில் எழுதியிருந்தார். எல்லோரும் செய்வது Z-ஐ எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்து r என்று எழுதுவது. எந்த எண்ணிக்கை? இவள் சீனியர் ஒருத்தி 24-ஐப் போடச் சொன்னாளாம், பன்னிரண்டு பேர், ஆளுக்கு இரண்டு அளவு. அப்படிப் போட்டால் 0.49. ஆட்களின் எண்ணிக்கை 12-ஐப் போட்டால் 0.70. டெஸ்ட்டில் உண்மையில் பங்கெடுத்த 10-ஐப் போட்டால் 0.76. மூன்றையும் அச்சில் பார்த்திருக்கிறேன், எந்த எண்ணிக்கை என்று எழுதாமலேயே. அதனால் நான் அந்த r பக்கமே போகவில்லை. ரேங்குகளிலிருந்து நேராக வருகிற ஒன்று இருக்கிறது: சாதகமான தொகையிலிருந்து பாதகமான தொகையைக் கழித்து மொத்தத்தால் வகு. 51 − 4 = 47, 47-ஐ 55-ஆல் வகுத்தால் 0.85. ஜோடி ரேங்க் பைசீரியல் என்று பெயர். எல்லோருக்கும் குறைந்திருந்தால் 1, இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் 0. என்ன கணக்கு என்று ஒரு வரியில் எழுதிவிட முடிகிறது. ஆனால் இதிலும் பூஜ்யங்கள் இல்லை, அதைச் சொல்லாமல் 0.85 என்று மட்டும் போட்டால் ஆய்வு இருப்பதைவிடப் பிரமாதமாகத் தெரியும்.

மதியம் டீ குடிக்கும்போது அவளுக்கு இன்னொரு யோசனை. பன்னிரண்டு பேரில் ஐந்து பேர் ஆண்கள், ஆண் பெண் தனித்தனியாகப் போடலாமா? வேண்டாம் என்றேன். ஐந்து பேருக்கு மொத்தமே 32 விதம்தான், ஐந்து பேருக்கும் வலி அடியோடு போயிருந்தாலும் இருபக்க p-இன் கீழ் எல்லை 32-இல் 2, அதாவது 0.0625. எப்படி வந்தாலும் 0.05-க்குக் கீழே இறங்கவே முடியாத சோதனையைப் போட்டுவிட்டு "ஆண்களிடம் பலன் இல்லை" என்று எழுதுவது அந்த ஆண்கள் மேல் பழி போடுவது. ஆறு பேர் இருந்தால்தான் 64-இல் 2, 0.031 என்று கதவு திறக்கிறது. ஒருபக்கச் சோதனையாக்கி p-ஐப் பாதியாக்கலாம் என்று ஒரு குழுவில் யாரோ சொன்னார்களாம். விடையைப் பார்த்த பிறகு பக்கத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு என்ன பெயர் என்று அவளுக்கே தெரியும், நான் விளக்கவில்லை.

ஏன் இந்த டெஸ்ட் என்று ஒரு வாக்கியம் வேண்டும். அவள் எழுதியிருந்தது "தரவு நார்மல் இல்லாததால்". பன்னிரண்டு எண்ணை வைத்து நார்மலா இல்லையா என்று தீர்ப்பு சொல்ல முடியாது, ஷபிரோ–வில்க் போட்டாலும் இவ்வளவு சின்னக் கூட்டத்தில் அது பெரிய கோணலைக்கூட விட்டுவிடும். அதோடு சைன்டு ரேங்க் டெஸ்ட்டுக்கும் ஒரு நிபந்தனை உண்டு, அதை யாரும் எழுதுவதில்லை: குறைவு இவ்வளவு என்று ஒரு எண்ணைச் சொல்ல வேண்டுமென்றால், வித்தியாசங்கள் ஒரு மையத்தைச் சுற்றி இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமச்சீராகப் பரவியிருக்க வேண்டும். பன்னிரண்டு வித்தியாசங்களையும் ஒரு கோட்டின் மேல் புள்ளியாக வைத்துப் பார்த்தோம். −1 முதல் 5 வரை, ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவில் குவிந்து, இரண்டு பக்கமும் வால் பரவாயில்லை. ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் 9 குறைந்து மற்றவர்களுக்கு ஒன்று அரை என்று இருந்திருந்தால் நான் யோசித்திருப்பேன், குறிகளை மட்டும் எண்ணுகிற சைன் டெஸ்ட்டுக்குப் போயிருப்பேன். அதற்கும் விலை உண்டு. இதே தரவில் பத்தில் எட்டுப் பேருக்குக் குறைந்தது என்பதை மட்டும் வைத்தால் p = 0.109. குறைந்தவர்களுக்குப் பெரிதாகக் குறைந்தது, கூடியவர்களுக்கு ஒரு புள்ளிதான் கூடியது என்ற தகவல்தான் 0.109-ஐ 0.014 ஆக்குகிறது. ஆகவே 9-இலிருந்து 7-க்கு வருவதும் 5-இலிருந்து 3-க்கு வருவதும் ஒரே அளவு நிவாரணம் என்று நாம் ஏற்றுக்கொள்கிறோம், வலி மதிப்பெண்ணில் அது கொஞ்சம் தாராளமான நம்பிக்கைதான். அதையும் வரம்புகள் பகுதியில் ஒரு வரியாகச் சேர்த்தாள்.

ராத்திரி எட்டரைக்கு முடிவுகள் பத்தி இப்படி நின்றது:

"பன்னிரண்டு பேரும் இரண்டு அளவீடுகளையும் முடித்தனர். வலி மதிப்பெண்ணின் இடைநிலை பயிற்சிக்கு முன் 6.5 (வீச்சு 4–9), பின் 5 (வீச்சு 3–7). எட்டுப் பேருக்கு வலி குறைந்தது, இருவருக்கு ஒரு புள்ளி கூடியது, இருவருக்கு மாற்றமில்லை. ஒரே நபருக்குள் ஏற்பட்ட குறைவின் ஹாட்ஜஸ்–லேமன் மதிப்பீடு பன்னிரண்டு பேரையும் சேர்த்து 1.5 புள்ளி, 95% நம்பிக்கை இடைவெளி 0.5 முதல் 3.0. வில்காக்சன் சைன்டு ரேங்க் டெஸ்ட், மாற்றமில்லாத இருவரை நீக்கி, சம வித்தியாசங்களுக்குச் சராசரி ரேங்க் கொடுத்து: குறைந்தவர்களின் ரேங்க் தொகை 51, கூடியவர்களுடையது 4, n = 10, துல்லிய இருபக்க p = 0.014, ஜோடி ரேங்க் பைசீரியல் 0.85. பூஜ்யங்களையும் சேர்த்து ரேங்க் கொடுக்கும் பிராட் முறையில் துல்லிய p = 0.020."

கால்மானங்களைப் போடாமல் வீச்சைப் போட்டதற்குக் காரணம், பன்னிரண்டு எண்ணுக்குக் கால்மானத்தை மென்பொருளுக்கு மென்பொருள் வேறு விதமாகக் கணக்கிடுகிறார்கள், அதில் இன்னொரு சிவப்பு மை வேண்டாம். அதைவிட, பன்னிரண்டு பேரின் ஜோடி எண்களையும் மேலே உள்ள அட்டவணையாகவே போட்டாள், பக்கத்தில் ஆளுக்கொரு கோடாக முன்னிலிருந்து பின்னுக்கு இறங்குகிற படம். பன்னிரண்டு கோட்டில் இரண்டு மேலே ஏறுவதும் இரண்டு படுத்துக்கிடப்பதும் அதில் ஒரே பார்வையில் தெரிகிறது. முதலில் போட்டிருந்த இரண்டு பார் கொண்ட படத்தில் இது எதுவும் தெரியவில்லை.

"மிகவும் குறிப்பிடத்தக்க" என்பதை எடுத்துவிட்டோம். கடைசியாக விவாதம் பகுதியில் "பயிற்சியால் வலி குறைந்தது" என்று இருந்ததை "பயிற்சி பெற்ற நான்கு வாரங்களில் வலி குறைந்தது" என்று மாற்றச் சொன்னேன். ஒப்பிட வேறு குழு இல்லை. கழுத்து வலிக்காரர்கள் வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் சிகிச்சைக்கு வருவார்கள், எதுவும் செய்யாமல் விட்டாலும் ஒரு மாதத்தில் சிலருக்கு இறங்கியிருக்கும். p 0.014 ஆனாலும் 0.0001 ஆனாலும் அந்தக் கேள்விக்கு அது பதில் சொல்லாது. இதில் அவளுக்கு முகம் கொஞ்சம் வாடியது உண்மை.

புதன்கிழமை கைடிடமிருந்து பதில் வந்தது. பத்தி சரி, ஆனால் எல்லா அட்டவணைகளிலும் p < 0.05 என்றுதான் போட வேண்டும், அதுதான் கல்லூரி வடிவமாம். அட்டவணையில் அப்படியே போட்டுவிட்டு, அடிக்குறிப்பில் துல்லிய p = 0.014 என்று சேர்த்திருக்கிறாள்.